என் முதுகுக்குப் பின்னால் தொங்கிய பலா

எங்கள் அக்கா வீட்டுக்காரர் பண்ருட்டியில் பலா மண்டி வைத்திருக்கிறார். காடாம்புலியூரில் எங்களுக்கு இருக்கிற பலாத்தோப்பை வருஷா வருஷம் பிஞ்சு விடும்போதே அவரிடம் குத்தகைக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். மாமா வந்து ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். "மச்சான், இந்த வருஷம் ஒண்ணும் சரியில்லையே" என்பார். எத்தனையோ வருஷமாக நானும் பார்க்கிறேன், ஒரு வருஷம்கூட அவருக்குச் சரியாக இருந்ததில்லை. பேச்சு முடிந்ததும் வண்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, சுண்ணாம்பில் விரலை முக்கி மரத்துக்கு ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்த மரத்தில் நானே ஒரு பழம் பறித்தாலும் அது திருட்டு.

இந்த வருஷம் கோடு வேண்டாம் என்று சொன்னவள் என் மனைவி. அவள் கடலூர்ப் பக்கம் மீனவக் குடும்பத்துப் பெண். பலாவைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று கல்யாணமான புதிதில் நான் நினைத்ததுண்டு. இப்போது நினைப்பதில்லை, நினைத்தாலும் வெளியே சொல்வதில்லை.

"எங்க அம்மா கரையில நின்னு மீன் விக்கிறவங்க. எந்த வீட்டுக்கு எந்த மீன் போவுதுன்னு அவுங்களுக்குத் தெரியும். உங்க பழத்த யாரு தின்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மண்டி வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

வீடியோ போட்டு வீடுகளுக்கே நேராக விற்கப்போகிறோம் என்று மாமாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்தார்.

"போன்ல படம் புடிச்சுப் பலா விக்கப் போறியா? வித்துப் பாரு மச்சான். நடுவுல முடியலன்னா மிச்சத்த நான் எடுத்துக்குறேன். டப்பா வண்டியிலயேதான் இருக்கும்."

அதைக் கேட்டதிலிருந்து என் மனைவிக்கு ஒரே வைராக்கியம். பழம் விற்பது இரண்டாம் பட்சம். அந்த டப்பாவை மாமா திறக்கக் கூடாது.

அவள் போனைப் பிடிப்பாள், நான் பேசுவேன். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவன், போனைப் பார்த்ததும் பாடம் ஒப்பிக்க எழுப்பிவிட்ட பையன் மாதிரி நின்றேன். "கைய எங்க வெக்கிறதுன்னு தெரியலன்னா பழத்து மேல வெய்யுங்க" என்றாள். வைத்தேன். அப்புறம் பேச்சு வந்தது. ஒரு நிமிஷ வீடியோ: இன்ன மரம், இன்னக்கி வெட்டினது, நாலு நாள் வைத்து அறுங்கள். கடலூரிலிருந்து சிலர் கேட்டார்கள். ஆனால் எங்களைத் தூக்கி நிறுத்தியது சிதம்பரம் கீழவீதி அம்மா ஒருவர்தான். கோயிலைச் சுற்றி இருக்கிற வீடுகளில் யாருக்கு எத்தனை பழம் என்று அவரே கேட்டுச் சொல்வார். நான் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் இறக்குவேன். தெருவே வந்து எடுத்துக்கொண்டு போகும்.

ஒரு வீடியோவில், பழுத்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முதல் கீழவீதியிலிருந்து தட்டுகிற சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்ப ஆரம்பித்தார்கள். தொம் தொம் என்று வரும். கீழே, "இப்ப அறுக்கலாமா?" என்று ஒரு கேள்வி. ஒருவர் அனுப்பியதில் பக்கத்தில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "மிக்ஸிய நிறுத்திட்டுத் தட்டுங்க" என்று பதில் போட்டேன்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோது கோடைமழை அடித்தது. இரண்டு நாள் விடாமல். மழை குடித்த பலாவை உடனே வெட்டக் கூடாது. சுளையில் தண்ணீர் ஏறிச் சப்பென்று போய்விடும், முற்றினதில் சில மரத்திலேயே வெடிக்கும், வெட்டி வைத்தாலும் சீக்கிரம் அழுகும். வெயில் வந்து நிலம் காய்ந்து, நின்றிருக்கிற காய்கள் முற்றுகிற வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமைக்கு ஆர்டர் வந்து குவிந்திருந்தது.

"இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க" என்றாள். "கடலுக்குப் போகக் கூடாதுங்கிற தடக்காலத்துல மீன் இல்லன்னா யாராவது சண்டைக்கு வர்றாங்களா? ஏன் இல்லங்கிறத சொல்லணும், அவ்ளோதான்."

தோப்பில் நின்று பேசினேன். நான் பேசியதிலேயே அதுதான் நல்ல வீடியோ. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மழை குடித்த பழம் ஏன் கூடாது, ஏன் பத்து நாள் ஆகும், எல்லாம் சொல்லி, "இந்த வாரம் எங்க தோப்புல பழம் இல்லைங்க, மன்னிச்சுக்குங்க" என்று முடித்தேன். அவளே மெச்சிக்கொண்டாள். இரண்டு பேருமாக நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினோம்.

சோறு தின்று கை கழுவுவதற்குள் பதில் வந்தது. யாரோ வீடியோவை நிறுத்திப் படம் எடுத்து, என் தலைக்குப் பின்னால் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டம் இல்லை, ஏகப்பட்ட வட்டம். "அப்ப இதெல்லாம் என்ன?"

பார்த்தேன். நான் பழம் இல்லை பழம் இல்லை என்று கையை விரிக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் அடிமரத்திலிருந்து கிளை வரைக்கும் குண்டு குண்டாகப் பலா தொங்குகிறது. நாலு தடவை பார்த்தும் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் அது படவில்லை. எங்களுக்கு அது காய். காயைப் போய் யார் பழத்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? தெருவுக்கு அது தெரியுமா? வெலை ஏத்தறதுக்குப் பதுக்குறான் என்று ஒருவர். பொய் சொல்றதுக்கு முன்னாடி திரும்பிப் பாத்திருக்கலாம் என்று இன்னொருவர். எனக்கு வந்த கோபத்துக்குப் போனைக் கிணற்றில் போட்டிருப்பேன். மனைவி பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

கடைசியாகக் கீழவீதி அம்மாவே கூப்பிட்டார். "நம்பி வாங்கலாம்னு தெரு பூரா நான்தான் சொன்னேன். இப்ப என்னயக் கேக்குறாங்க. நாளைக்கு நானே வரேன், நேர்ல பாத்துட்டுப் பேசறேன்." வைத்துவிட்டார்.

மறுநாள் அவருக்கு முன்னால் மாமா வந்து சேர்ந்தார். வீடியோ பண்ருட்டிக்கும் போயிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு வரும்போதே, "இந்த வாரம் பழம் இல்லைங்க" என்று என்னைப் போலவே கையை விரித்துக் காட்டினார். இன்னொரு கையில் டப்பா. கீழவீதி கைவிட்டால் மிச்சக் காய்ப்பை எங்களால் விற்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். "போதும் மச்சான். இன்னக்கே பேசி முடிச்சிடலாம்" என்றார். வாய் வரைக்கும் எனக்குச் சரி என்று வந்துவிட்டது. மனைவியைப் பார்த்தேன். அவள் கண் அந்த டப்பா மேலேயே இருந்தது. "அந்த அம்மா வந்துட்டுப் போகட்டும் மாமா" என்றேன்.

அந்த அம்மா வடலூரில் பஸ் மாறி வந்தார். கஞ்சி போட்ட புடவை, கையில் பெரிய கட்டைப்பை. தண்ணீர்கூட வேண்டாம் என்று நேராகத் தோப்புக்குள் போனார்.

"இது என்ன?"

"காய்ங்க."

"இது?"

"அதுவும் காய்ங்க."

"அதோ, அது?"

"காய்தாங்க."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். முள் விரிந்து தட்டையானால்தான் முற்றினது, தட்டினால் கணீரென்று இல்லாமல் அடங்கிக் கேட்க வேண்டும் என்று நான் தட்டிக் காட்டினேன். அம்மா குனிந்து காதை வைத்துக் கேட்டார். "எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது. இத வெட்டுங்க" என்று ஆளுயரத்தில் தொங்கிய ஒன்றைக் காட்டினார்.

பத்து நாள் விட்டால் தேனாக வரும் காய் அது. மனசு வரவில்லை. மனைவி கத்தியில் எண்ணெய் தடவிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கையில் போன், படம் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டிப் பிளந்ததும் பால் பொங்கிக்கொண்டு வந்தது. நான் தடுப்பதற்குள் அம்மா இரண்டு கையையும் உள்ளே விட்டு ஒரு சுளையைப் பிடுங்கினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. கடித்தார், துப்பினார். பக்கத்து மரத்தில் மழைக்கு வெடித்திருந்த ஒன்றையும் பிளந்து கொடுத்தேன். அது மஞ்சளாகத்தான் இருந்தது. மென்று பார்த்துவிட்டு, "தண்ணியில ஊறப் போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு போனுக்கு நேராகத் திரும்பினார்.

"நம்ம தெருவுல வட்டம் போட்டு அனுப்புனவங்க எல்லாம் பாருங்க. தொங்கறது எல்லாம் காய். பழுத்தது மழத்தண்ணி குடிச்சுச் சப்புன்னு கெடக்கு. நானே தின்னு பாத்துட்டேன். இவங்க பொய் சொல்லல. பாருங்க என் கைய."

கையைக் காட்டினார். விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கையை உதறப்போய்ப் புடவையிலும் ஒட்டிக்கொண்டது. மாமாதான் ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்.

"நீங்க யாரு?" என்று கேட்டார் அம்மா.

"நானும் பலா வியாபாரந்தாங்க. பண்ருட்டியில மண்டி."

"அப்படியா? மழை விட்ட மறுநாளே எங்க ஊர்க் கடையில பலா வந்துடுது. ஏன் சப்புன்னு இருக்குன்னு இன்னக்கித்தான் தெரியுது."

மாமா எண்ணெய்ப் பாட்டிலுக்கு மூடி போடுவதில் ரொம்பக் கவனமாக இருந்தார். டப்பா அன்றைக்குத் திறக்கப்படவில்லை. வெட்டின காயில் பாதியைக் கூட்டு வைக்க வேண்டும் என்று அம்மா கட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

வெயில் வந்தது. காய் முற்றியது. சொன்னபடி வண்டி நிறையக் கீழவீதிக்குப் போனது. ஆனால் மாமா நம்பவில்லை. "ஒரு தடவ பொறுத்துக்குவாங்க மச்சான். அடுத்த மழைக்குப் பாக்கலாம்" என்றார்.

அடுத்த மழையும் வந்தது. மாமாவும் வந்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "கூப்புட்டுச் சொல்லு, என்ன சொல்றாங்கன்னு நானும் கேக்குறேன்" என்றார். நம்பரை அழுத்தினேன். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, இந்த வாரம்..." என்று இழுத்தேன்.

"பழம் இல்ல. தெரியும். இங்க மட்டும் மழை பெய்யலையா? காலையிலயே தெருவுல சொல்லிட்டேன், வெயில் அடிக்கிற வரைக்கும் யாரும் கேக்காதீங்கன்னு. எல்லாரும் சரின்னுட்டாங்க. நீங்க வீடியோ போடறதுன்னா போடுங்க. ஆனா இந்தத் தடவ சுவத்து முன்னாடி நின்னு பேசுங்க."

வைத்துவிட்டார். நான் சொல்வதற்கு முன்னால் எனக்காகச் சொல்ல அந்தத் தெருவில் ஒரு ஆள் இருக்கிறார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ டம்ளரை எடுக்கிற சாக்கில் உள்ளே போனாள்.

மாமா எழுந்து செருப்பை மாட்டினார். எங்கள் வீட்டுச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மழையில் நனைந்து ஒரே திட்டுத் திட்டாக இருந்தது.

"இதுக்கு முன்னாடியா நின்னு பேசப்போற? பாக்க நல்லா இருக்காது மச்சான். சுண்ணாம்பு டப்பா வண்டியிலதான் இருக்கு, எடுத்து அடி."