மேல் டிவிஷனில் என் பெயர்

பதுளையில் நான் நடத்தும் கணினி வகுப்புக்கு லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவி வருகிறாள். பயிற்சிக்காகத் தன் தோட்டத்து ஆட்களையே டேட்டாபேஸில் ஏற்றியிருந்தாள். தோட்டத்தின் ஒரு பிரிவான மேல் டிவிஷன்காரர்களை மட்டும் தேடி எடுக்கும் கட்டளையாக ஒரு குவெரி எழுதச் சொன்னேன். விடை சரியாகத்தான் வந்தது. குவெரியைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிவிஷன் அட்டவணையோடு இணைக்காமல், அங்கே லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் அதற்குள் வரிசையாகத் தட்டி வைத்திருந்தாள்.

“விடை சரி. ஆனால் ஆட்களைக் கண்டுபிடித்தது நீ, உன் குவெரி இல்லை. நாளைக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்தால் இதில் வரமாட்டார்” என்று குறிப்பு எழுதி அனுப்பினேன்.

அடுத்த வகுப்பில் முறைப்பாட்டோடு வந்து நின்றாள்.

“எங்க லயத்துக்குப் புதுசா யாரு மிஸ் வரப்போறாங்க? எல்லாரும் கொழும்புக்குல்ல போறாங்க?”

டேட்டாபேஸில் என் பெயரை மேல் டிவிஷனில் சேர்த்து, அவளுடைய குவெரியை ஓட்டிக் காட்டினேன்.

“ஐயோ, உங்களக் காணோமே மிஸ்!”

உடனே உட்கார்ந்து, டிவிஷனை வைத்துத் தேடும்படி மாற்றி எழுதினாள். இப்போது நானும் வந்தேன். சோதனைக்குப் போட்ட பெயர்தானே என்று அழிக்கப் போனேன்.

“இருக்கட்டும் மிஸ்,” என்று கையைப் பிடித்தாள். “நீங்களாவது வந்தீங்களே.”