எந்த ஊர் என்று கேட்ட முதலாளி

ஸ்ரீஸ்கந்தராசா கதைக்கப் பிறந்தவர். விற்கப் பிறக்கவில்லை. அந்த மனுசன் எந்தத் துணிவில் கொட்டாஞ்சேனையில் கடை திறந்து, மிளகாய்த்தூளைச் சின்னப் பைகளில் அடைத்து ஒட்டும் மெஷின்களை விற்கப் புறப்பட்டார் என்று அவரிடம் வேலை செய்த ஐறீன் தினமும் யோசித்தாள். விடை கிடைத்ததேயில்லை.

அந்த முறை விசயம் பாரதூரமானது. மெஷின் செய்யும் கோயம்புத்தூர்க் கம்பனி, இம்மாதம் ஒன்றாவது விற்காவிட்டால் ஏஜென்சியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஃபக்ஸ் அனுப்பியிருந்தது. ஏஜென்சி போனால் கடை போகும். கடை போனால் ஐறீனின் சம்பளமும் போகும். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

நல்லவேளையாக உணவுப்பொருள் கண்காட்சி வந்தது. சண்டைக்காலம், எங்கும் சோதனைச் சாவடி; ஆனாலும் சனம் குறையவில்லை. ஐறீன் தன் ஸ்டோலுக்கு வந்தவர்களின் விசிட்டிங் காட்டுகளை வாங்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் அவரவர் சொன்னதைக் குறித்து வைத்தாள். தெமட்டகொடையில் மசாலாத்தூள் அரைக்கும் ஜவாஹிறா, “கையால ஒட்டி ஒட்டி விரல் தேயுது” என்று சொல்லி மெஷினை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார். வாங்கும் கண் அது.

மறுநாள் காலையே ஐறீன் தொலைபேசியை இழுத்தாள்.

“ஐயா, இண்டைக்கே எல்லாருக்கும் கோல் எடுக்கிறன். கண்காட்சியில சொன்னதை ஞாபகப்படுத்தி, கால்மணித்தியாலம் மட்டும் கேட்பம். புதன் காலமையோ வியாழன் பின்னேரமோ எண்டு அவையே தெரிவுசெய்யட்டும். ரெண்டு நாள் போனால் எங்களை ஆரெண்டே தெரியாது.”

“நீர் பொம்பிளைப் பிள்ளை, விடும்! நான் கதைக்கிறன்” என்று ஸ்ரீஸ்கந்தராசா ரிசீவரைப் பறித்துக்கொண்டார். “என்னை ஒருக்கால் கண்டவன் மறப்பானோ?”

மறப்பானா, ஐயோ! காட்டுகளைப் பிரித்து, யாழ்ப்பாணத்துப் பெயர்களை மேலே வைத்தார். மற்றதெல்லாம் அடியில். முதலாவது கதிர்காமநாதன், இப்போது வெள்ளவத்தையில் இருப்பவர்.

“வணக்கம், நீங்கள் எந்த ஊர்? ... அட, கரவெட்டியோ! ஆரின்ர மகன்?”

போச்சு. கரவெட்டியின் ஒழுங்கைகளையெல்லாம் நடந்தார். யார் கனடா போனது, யாரின் வீட்டில் ஷெல் விழுந்தது, யாரின் பெட்டைக்குக் கலியாணம் ஒப்பேறியது! ஐறீன் எதிரில் இருந்து தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள், புதன் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். மனுசன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “சந்திப்பம், சந்திப்பம்” என்று ரிசீவரை வைத்தார்.

“எப்ப சந்திப்பியள், ஐயா?”

“எங்கட ஆக்கள். நாள் குறிக்கத் தேவையில்லை.”

இப்படியே அந்த வாரம் முழுக்க ஊர் விசாரித்தார். ஒரு சந்திப்பும் குறிக்கப்படவில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில், அடியில் கிடந்த காட்டை எடுத்து ஜவாஹிறாவுக்கு ஐறீன் கோல் எடுத்தாள்.

“ஓ, ஞாபகம் ஈக்கி மகள். விரல் தேயுது எண்டு சென்னேனே. நீங்க நல்லா வெளங்கப்படுத்தினீங்க. ஆனா ஒங்கட முதலாளி எந்த ஊரெண்டு கேட்டார். தெமட்டகொட எண்டன். உடனே மற்றப் பக்கம் திரும்பிட்டார்.”

“அம்மா, கால்மணித்தியாலம் தந்தால் நானே வாறன்.”

“அல்லாஹ், இனி எதுக்கு? பக்கத்து ஸ்டோல்ல நிண்ட தம்பி அடுத்த நாளே கோல் எடுத்தார். மெஷின் வந்து ஓடுது.”

ரிசீவரை வைத்தபோது ஐறீனுக்கு அழுகை வரவில்லை. கையில் கிடைப்பதைத் தூக்கி யாரின் மண்டையிலாவது போடலாம் போல் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் பல்லுக்குத்தியோடு வந்தவரிடம் சொன்னாள்.

“ம்,” என்றார் அவர். “அவை எங்கட ஆக்கள் இல்லைத்தானே. எங்கட ஆக்கள் இருக்கினம், பயப்படாதையும்.”

மாதக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஃபக்ஸ் வந்தது. ஏஜென்சி பறிபோயிற்று. ஸ்ரீஸ்கந்தராசா அதைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றார்.

அப்போது தொலைபேசி அடித்தது. ஐறீன் எடுத்து, “கதிர்காமநாதன்” என்று வாயசைத்துக் காட்டினாள். முதலாளியின் முகத்தில் திடீரென்று உயிர் வந்தது. “பாத்தீரே! பாத்தீரே!” என்று ஐறீனைப் பார்த்துக் கைகாட்டினார். ஐறீன் ரிசீவரைக் காதோடு அழுத்திக் கேட்டாள்.

“தங்கச்சி, ஐயா நிக்கிறாரோ? ஊரிலயிருந்து என்ர மருமகன் வாறான். வெள்ளவத்தையில ஒரு அறையும், பொலிஸ் பதிவுக்குப் பொறுப்பு நிக்க ஒரு ஆளும் பிடிச்சுத் தரேலுமோ எண்டு கேளுங்கோ. எங்கட ஆள்தானே.”

“மெஷின் பற்றி ஏதும்...?”

“என்ன மெஷின்?”

ஐறீன் ரிசீவரை முதலாளியின் கையில் வைத்தாள். தன் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

“உங்கட ஆள் ஐயா,” என்றாள். “எந்த ஊரெண்டு கேளுங்கோ.”