நாலரை மணிக் கெடு

அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் "கட்டக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஜோசியருக்குப் பன்னிரண்டு கட்டம் போதும். அவளுக்கு ஆயிரம் கட்டம் இருந்தாலும் மனசு ஆறாது. சுற்றுலா ஏற்பாடு செய்யும் அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் அவளும் தம்பியும் இரண்டு மேசை போட்டு ஒன்பது வருஷமாகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு எக்செல் ஷீட். ஒரு பதிவுக்கு ஒரு வரிசை: தேதி, இடம், உறுதி எண், ரத்து செய்யக் கடைசி நேரம். அடுத்த தாளில் நாள்வாரியாக நேரங்கள். 6.10க்கு வண்டி, 7.25க்குப் படகு, படகுத்துறையில் கழிப்பறைக்குப் பதினைந்து நிமிஷம். இவ்வளவு எழுதியும் ராத்திரி படுத்தவள் எழுந்து வந்து இன்னொரு தடவை சரிபார்ப்பாள். சுபாவம் அப்படி.

இந்தத் தடவை பயணிகள் பதினாறு பேர், ஓய்வுபெற்ற நர்சுகள். ஆள் கணக்கு முடிவாகும்வரை ஒரே ஊரில் இரண்டு ஓட்டல் பதிவு செய்து வைப்பது அவள் வழக்கம். ஒன்று தங்க, இன்னொன்று கெடுவுக்குள் ரத்து செய்துவிட. கடற்கரை ஓட்டல் உறுதியாகிவிட்டது. மலையடி ஓட்டலை விடவேண்டும். வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது என்று ஷீட் சொன்னது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று ஐம்பதுக்கு, படகு நேரத்தைச் சரிபார்க்கப் போனவளுக்குப் பகீரென்றது. படகு டிக்கெட்டுக்கு ரத்தே கிடையாது. அந்தக் கட்டத்தில் "கிடையாது" என்று அவளே தட்டியிருந்தாள். இப்போது அங்கே வியாழன் மதியம் 12 என்று இருக்கிறது. அவசரமாகக் கீழே போனாள். கடைசி ஊர் ஓட்டலுக்கு எதிரே "கிடையாது".

பதிவுகள் அத்தனையும் அதனதன் இடத்தில் இருந்தன. கடைசி நேரங்கள் மட்டும் தேதி வாரியாகத் தனியே வரிசைப்பட்டு, ஒன்றின் கெடு இன்னொன்றின் தலையில் ஏறியிருந்தது. யாரோ மேலிருந்து கீழாக அந்த ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார்கள். மலையடி ஓட்டலின் மின்னஞ்சலைத் திறந்தாள். ரத்து செய்யக் கடைசி நேரம்: இன்று மாலை 4.30. தாண்டினால் எட்டு அறைக்கும் ஒரு ராத்திரி வாடகை.

"நீதானேடா கை வச்ச?" என்று தம்பிமேல் பாய்ந்தாள். "எத்தன தடவ சொல்லியிருக்கேன்? என் ஷீட்ட தொடாதன்னு சொன்னேனா இல்லையா? முப்பத்தெட்டு வயசாச்சு, ஒரு பொறுப்பு இருக்கா உனக்கு?"

தம்பி திரையைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"நான்தான்க்கா. தெரியாம பண்ணிட்டேன். நீ போன் போடு, நான் மெயிலப் பாத்து நம்பர் சொல்றேன்."

முதல் தடவை லைன் பிஸி. இரண்டாம் தடவை பாட்டு ஓடியது. பாட்டு போட்டவனை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். நாலு பதினாறுக்கு ஒரு பெண் குரல் வந்து உறுதி எண் கேட்டது. தம்பி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, இவள் திருப்பிச் சொன்னாள். "ஒரு நிமிஷம் காத்திருங்க மேடம்" என்றது குரல். அந்த ஒரு நிமிஷம் ஏழு நிமிஷம் ஓடியது. நாலு இருபத்தாறுக்கு ரத்து எண் கிடைத்தது. மின்னஞ்சலிலும் வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மற்ற கெடுக்களைப் பழையபடி ஆக்கவேண்டும். ஷீட்டின் பழைய பதிப்புகளைத் திறந்தாள். யார், எப்போது, எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்று அதில் இருக்கும். தம்பி செய்த காரியத்தை அவன் மூக்குக்கு நேரே காட்டவேண்டும் என்றும் ஒரு ஆத்திரம்.

இன்று காலை 11.42. மாற்றியவர் பெயர் அவளுடையது.

அப்போதுதான் நினைவு வந்தது. எந்தக் கெடு முதலில் வருகிறது என்று பார்க்க அவளேதான் அந்தப் பத்தியை வரிசைப்படுத்தினாள். உடனே நர்சம்மா ஒருத்தி போன் செய்து, அறையில் வெந்நீர் வருமா என்று கால்மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதோடு மறந்துபோயிற்று.

11.41 பதிப்பை மீட்டெடுத்தாள். எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பின. அவளுக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"ஏன்டா நீன்னு சொன்ன?"

தம்பி நாற்காலியைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டான்.

"நான் இல்லன்னு சொன்னா, யாருன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் நீ விடமாட்டக்கா. அதுக்குள்ள நாலரை ஆயிருக்கும்."

ஒன்பது வருஷத்தில் இவன் இப்படி எத்தனை தடவை "நான்தான்க்கா" என்று சொல்லியிருக்கிறான் என்று எண்ணிப் பார்க்க முயன்றாள். அதற்கு அவளிடம் ஷீட் இல்லை.