ஐந்து புள்ளிகளில் எது பறவை

நில்டா க்காப்பாவின் வேலை வானத்தைத் துடைப்பது. அரேகிப்பா நகரில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ரோமுலோ பெகாசோவின் ஸ்டுடியோவில் பத்தொன்பது வருடமாக இதையேதான் செய்கிறாள். கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் காதிலிருந்து புறப்பட்டதுபோல ஒரு விமானப் புகைக்கோடு ஓடும். அதை அழிக்க வேண்டும். மிஸ்தி எரிமலையின் உச்சிக்கு நேர் மேலே காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒன்று ஒட்டியிருக்கும். அதையும் அழிக்க வேண்டும். இந்த ஊர் வானம் வருடத்தில் முக்கால்வாசி நாள் ஒரு மேகம்கூட இல்லாமல் பளிச்சென்று கிடக்கும். அப்படிப்பட்ட நீலத்தில் கடுகளவு அழுக்கும் கண்ணில் குத்தும்.

கம்ப்யூட்டரில் அவள் கருவிகள் சின்னவைதான். புள்ளிக்கு ஒரு பிரஷ், புள்ளியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக. அதைவிடப் பெரிதாக வைத்தால் நீலத்தில் திட்டு விழுந்துவிடும். நீளமான புகைக்கோட்டுக்குக் குளோன். பக்கத்து நீலத்தை எடுத்துக் கோட்டின் மேல் துண்டு துண்டாக வைக்க வேண்டும். அடிவானம் பக்கம் வானம் வெளுத்திருக்கும், மேலே போகப்போகக் கறுக்கும் என்பதால் தொலைவிலிருந்து நீலம் எடுத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். எல்லாவற்றையும் படத்தின் மேல் விரித்த கண்ணாடித்தாள் மாதிரி ஒரு தனி லேயரில் செய்ய வேண்டும், அசலைத் தொடக்கூடாது. இவ்வளவையும் நில்டா தூக்கத்தில்கூடச் செய்வாள். எதை அழிப்பது, எதை விடுவது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. இதை அவளே வெட்கப்படாமல் சொல்லிக்கொள்வாள்.

அதற்கு முதலாளியும் ஒரு காரணம். ஜனவரியில் ஒரு படத்தைப் பார்த்து, "பறவையே இல்லாத வானம் என்ன வானம்? ஏன் தொடச்ச?" என்பார். பிப்ரவரியில் இன்னொரு படத்தைப் பார்த்து, "ஏம்மா, இது என்ன ஈ மொய்ச்ச மாதிரி? தொடைக்கத் தெரியாதா?" என்பார். ஒருமுறை சலீனாஸ் ஏரிப் படத்தில் மேலே பறந்த பூநாரைகளை ஒன்று விடாமல் அழித்துவிட்டு, தண்ணீரில் இருந்த அவற்றின் நிழல்களை அப்படியே விட்டுவிட்டாள். அது நாட்காட்டியில் ஆகஸ்டு மாதமாக அச்சாகி ஊர் முழுக்கச் சுவரில் தொங்கியது. மீன்காரிகூடக் கேட்டாள், "நில்டா, உங்க ஏரியில பறவை எல்லாம் தண்ணிக்குள்ளயா பறக்குது?" அந்த வருடம் ஆகஸ்டு முடிவதற்குள் நில்டாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இப்போது சொல்லப்போகும் விஷயம் ஒரு வெள்ளிக்கிழமை பகலில் நடந்தது. எர்மெலிண்டா அம்மாள் கடைக்குள் வந்தாள். அவள் கணவர் எலெவ்தெரியோ மோயோ புறா வளர்த்தவர், பந்தயப் புறா. இறந்து ஒரு வருடம். மறுநாள் பத்து மணிக்குக் கோயிலில் வருடப் பூசை. பூசையில் வைக்க அவர் படத்தைப் பெரிதாக்கிக் கேட்டிருந்தாள். புறாச் சங்கத்துக்காக ரோமுலோ எடுத்து வைத்திருந்த பழைய படம் அது. மொட்டை மாடியில் கூண்டுகளுக்கு முன்னால் கிழவர் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, ஒரு கையை மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நில்டா சட்டம் போட்ட படத்தை மேசைமேல் வைத்தாள். அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏம்மா, இவரு எதைப் பாக்குறாரு?"

நில்டா குனிந்து பார்த்தாள். விரல் மேலே போகிறது. விரலுக்கு மேலே வானம். வானத்தில் ஒன்றுமே இல்லை. வேப்பெண்ணெய் குடித்ததுபோல் அவள் முகம் சுருங்கியது.

துடைக்கும்போது அவள் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, இடமிருந்து வலமாகப் பட்டை பட்டையாக வானத்தை மட்டும் தடவிக்கொண்டு போவாள். அப்போது திரையில் நீலம்தான் இருக்கும். கீழே நிற்கிற ஆள் தெரியமாட்டார். இந்தப் படத்தில் ஐந்து புள்ளிகள் கிடந்தன. ஐந்தும் மங்கல், ஐந்தும் உருண்டை. கேமராவின் சென்சாரில் உட்கார்ந்த தூசி என்று நினைத்து, ஐந்து சொடுக்கில் ஐந்தையும் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

"அன்னிக்குத்தான்மா செனிசாவத் தேடிக்கிட்டு இருந்தாரு," என்றாள் எர்மெலிண்டா அம்மாள். "சாம்பக் கலர்ப் பொட்டைப் புறா. பந்தயத்துக்கு நாஸ்கா ஊருக்குக் கொண்டுபோயித் தொறந்து விட்டாங்க. மத்ததெல்லாம் முந்தின நாளே வந்துருச்சு. அது வரல. இந்த மனுசன் மாடிய விட்டு எறங்கல. திடீர்னு 'வந்துட்டா, வந்துட்டா'ன்னு கத்துறாரு. நாங்க எல்லாரும் ஓடிப் பாத்தோம். ஒண்ணுமே இல்ல. எதுவும் வந்து எறங்கவும் இல்ல. 'கெழவனுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு'ன்னு எம் மருமவன் சிரிச்சான். நானுந்தான் சிரிச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். "சாவுற வரைக்கும் சொன்னாரும்மா. 'நான் பாத்தேன் எர்மே, நெசமாப் பாத்தேன்'னு. நான் நம்பவே இல்ல. இந்தப் படத்துலயாச்சும் என்னமோ இருக்கும்னு நெனச்சேன். இதுலயும் ஒண்ணுமில்ல."

நில்டா யோசித்தாள். பேசாமல் இருந்துவிடலாம்; அம்மாளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அழித்தது வெறும் தூசியாகவே இருந்தால்? இல்லாத ஆசையைக் கிளப்பிவிட்டதாகிவிடும். பறவையாக இருந்தால்? செத்தவரின் கண்ணைத் தானே இரண்டாவது முறை அவித்ததாகிவிடும். என்ன செய்வது என்று தெரியாமல் கை துடைக்கிற துணியை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அம்மா, இதுல அஞ்சு புள்ளி இருந்துச்சு," என்று கடைசியில் சொல்லிவிட்டாள். "தூசின்னு நெனச்சு நாந்தான் தொடச்சேன்."

அம்மாள் திட்டுவாள் என்று காத்திருந்தாள். அம்மாள் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். "காட்டு," என்றாள்.

துடைத்த லேயரை நில்டா மறைத்தாள். ஐந்து புள்ளிகளும் ஒரே நொடியில் திரும்பி வந்து உட்கார்ந்தன. கிழவரின் விரல் அவற்றில் எதைக் காட்டுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. விரலுக்கு நேரே ஒன்று, கொஞ்சம் தள்ளி இரண்டு, ஓரத்தில் இரண்டு.

உள்ளேயிருந்து ரோமுலோ எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பத்தொம்பது வருசமா என்னத்தக் கத்துக்கிட்ட? அன்னிக்கு எடுத்த மத்த படத்தையும் வச்சுப் பாரு," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது சரிதான். தூசி கேமராவுக்குள் இருப்பது. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது படத்தில் அதே இடத்தில்தான் இருக்கும். பறவை அப்படிச் சும்மா இருக்காது.

அந்த நிமிடத்தில் எடுத்தவை ஆறு படங்கள். நில்டா ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினாள். கூண்டு அசைந்தது, மாடிச் சுவர் அசைந்தது, கிழவரின் கை ஏறி இறங்கியது. மூன்று புள்ளிகள் ஆணி அடித்ததுபோல நின்ற இடத்திலேயே நின்றன. இரண்டு நகர்ந்தன.

"நகருது!" என்று அம்மாள் நில்டாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நகருதும்மா! அவரு பாத்திருக்காரு!" பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நான் சிரிச்சேனே, பாவி, பல்லைக் காட்டிச் சிரிச்சேனே." நில்டாவும் அழுதாள். தன் தப்புக்காக அழுதாளா, அம்மாளுக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அழுது முடித்ததும் அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். புறாக்காரரோடு நாற்பது வருடம் குடித்தனம் பண்ணியவள் அல்லவா, விஷயம் உடனே புரிந்துவிட்டது.

"ரெண்டு எதுக்கு? வரவேண்டியது ஒண்ணுதானே." அவள் குரல் இறங்கிப்போனது. "ஒண்ணு வல்லூறு. அதான் அவ வந்து சேரல."

இரண்டுமே செனிசாவாக இல்லாமல் வேறு ஏதோ பறவைகளாகக்கூட இருக்கலாம் என்று நில்டாவுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூசி மூணையும் எடுத்துரு. அந்த வல்லூறையும் எடுத்துரு. செனிசா மட்டும் இருக்கட்டும். நாளைக்கு அவரு அவளையே பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

தூசி மூன்றும் மூன்று சொடுக்கில் போயின. இனி ஒன்றே ஒன்று. நில்டா பிரஷ்ஷைச் சின்னதாக்கி மேலே இருந்த புள்ளியின்மேல் கொண்டுபோனாள். வல்லூறு மேலிருந்துதான் பாயும்; மேலே இருப்பதுதான் வல்லூறு. ஆனால் முதல் படத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டாவதில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே புள்ளியாகத் தெரிந்தன. சட்டம் போட்ட இந்த மூன்றாவது படத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே. எது எங்கே போனது? நான்காவதைப் பார்த்தாள், அதில் இன்னும் குழப்பம். ஆறாவதில் ஒன்றுதான் இருந்தது. மிஞ்சியது எது? படத்தைப் பெரிதாக்கினாள். கிழவரின் முகத்துக்குக் குறி வைத்த லென்ஸ் தொலைவில் இருந்ததை மங்கலாக்கியிருந்தது. பெரிதாக்கப் பெரிதாக்க இரண்டும் ஒரே மாதிரி சாம்பல் கட்டங்களாகச் சிதறின. இறக்கை இல்லை, வால் இல்லை. தப்பானதை அழித்துவிட்டால் கிழவர் இனி எந்நாளும் வல்லூறைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

பிரஷ்ஷின் வட்டம் மேல் புள்ளிக்கும் கீழ்ப் புள்ளிக்குமாக அலைந்தது. எதன்மேலும் அழுத்த முடியவில்லை.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள். "சத்தியமாத் தெரியல. எது புறா, எது மத்ததுன்னு தெரியாம எதையும் நான் தொட மாட்டேன்."

அம்மாள் திரையை நெருங்கி மூக்கு இடிக்கிற அளவுக்குப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். நாற்பது வருடக் குடித்தனமும் அவளுக்குக் கைகொடுக்கவில்லை.

"எனக்கும் தெரியல," என்றாள். "அவருக்குத் தெரியும். ரெண்டையும் விட்டுரு."

சாயங்காலம் புதிய படத்தைச் சட்டம் போட்டு மேசைமேல் வைத்தபோது அம்மாளின் மருமகனும் கூட வந்திருந்தான். அவன் ஒரு பார்வை பார்த்தான். "என்னங்க இது, அழுக்கா இருக்கு? காசு வாங்குறீங்கல்ல, கண்ணாடியத் தொடச்சிக் குடுக்கக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலை எச்சில் தொட்டு, வானத்தில் இருந்த புள்ளியைத் தேய்க்கப் போனான்.

எர்மெலிண்டா அம்மாள் அவன் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"கைய எட்றா. உன் மாமனாருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு."