நூறுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவே

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு எறும்பு என்று பெயர். வைத்தது நான்தான். பங்கு இரண்டு மடங்காகும் என்று சத்தியம் செய்கிறவர்களும் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கிறவர்களும் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். நாலாவது மாடியில், கழிவறைக்குப் பக்கத்து அறையில், நாங்கள் நாலு பேர். அடுத்தவர்கள் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோன மேசையில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்குவது எங்கள் வேலை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வயது ஐம்பத்தொன்று, கல்யாணம் செய்துகொள்ளாத பெண், இந்த வேலையில் பதினேழு வருஷம். தன் பெயர் காதில் விழுந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நல்லவேளை, கரப்பான்னு வைக்காம விட்டியே" என்றார்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கப்போவதாக அறிவிக்கும். பங்குக்கு நூறு தருகிறோம் என்று சொல்லும். நேற்றுவரை அறுபத்தெட்டுக்குக் கிடந்த பங்கு அன்று காலையே தொண்ணூற்றைந்துக்கு எகிறும். நூறுக்குப் போகாது. ஏனென்றால் பணம் கைக்கு வர நாலைந்து மாதம் ஆகும், நடுவில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். பங்கு வைத்திருந்தவர்களில் பலர் வந்தவரைக்கும் லாபம் என்று விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். அவர்கள் விற்பதை வாங்குவது நாங்கள். மிச்சம் அந்த ஐந்து. வியாபாரம் முடிந்தால் ஐந்து எங்களுக்கு. உடைந்தால் இருபத்தேழு எங்கள் தலையில்.

ஐந்துக்காக இருபத்தேழைப் பணயம் வைப்பவனைப் பைத்தியம் என்றுதான் என் மாமனார் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரே ஒரு முறை செய்தால் பைத்தியம்தான். நாற்பது இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் அது தொழில். முப்பத்தெட்டு முடியும், இரண்டு உடையும், கூட்டிக் கழித்தால் ஏதோ நிற்கும். எறும்புக்கு ஒரு கணக்கு உண்டு. எந்த ஒரு வியாபாரம் உடைந்தாலும் மொத்தப் பணத்தில் நூற்றில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. வாங்குகிற அளவை அதிலிருந்துதான் பின்னோக்கிப் போட்டுக்கொண்டு வருவார். முதலாளியே வந்து நின்றாலும் அந்த அளவு மாறாது.

மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்கிற ஒரு கம்பெனி. அதே மூடியைச் செய்கிற பெரிய கம்பெனி ஒன்று அதை வாங்க வந்தது. நூறு, அறுபத்தெட்டு, தொண்ணூற்றைந்து என்று நான் மேலே சொன்னதெல்லாம் அந்த வியாபாரத்தின் விலைகளே. ஒப்பந்தம் நூற்றுநாற்பது பக்கம். எறும்பு எப்போதும் கடைசியிலிருந்து படிப்பார். எப்படிச் சேருவார்கள் என்பதை எல்லோரும் படிப்பார்கள், எந்தக் காரணம் சொல்லிக் கழன்றுகொள்ளலாம் என்று ஒருத்தராவது படிக்க வேண்டாமா என்பார். இரண்டு நாள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பயமெல்லாம், ஒரே கம்பெனி சந்தையைப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்கிற போட்டி ஆணையத்திடம்தான். இரண்டும் சேர்ந்தால் பத்து மூடியில் ஆறு மூடி ஒரே கையில். ஆணையம் ஆட்சேபித்தால் ஒரு ஆலை வரைக்கும் வேறு யாருக்காவது விற்றுவிடச் சம்மதம் என்று வாங்குகிறவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு ஆலையோடு ஆணையம் திருப்திப்படும் என்பது எறும்பின் முடிவு. நடக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் பணத்தில் நூற்றுக்கு மூன்றரை அளவுக்கு நான் வாங்கிப் போட்டேன். உடைந்தால் போவது அவர் கணக்குப்படி நூற்றில் ஒன்று.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எறும்பின் அக்கா அந்த மூடிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் மூடிகளை எடுத்துத் திருகிப் பார்க்கும் வேலையில் இருந்து, மூன்று வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த பங்குகள் நாலாயிரம் அவரிடம் இருந்தன. சேமிப்பு என்று அவருக்கு இருந்தது அது மட்டுமே. இதை எறும்பு அலுவலகத்தில் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டாருக்கு எதை விற்கலாம், எதை வாங்கலாம் என்று சொல்லக்கூடாது என்றும் எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஓர் அக்காவுக்கு முன்னால் கையெழுத்து எந்த மூலைக்கு?

அக்காவுக்குப் பங்கைத் தவிர வேறொரு கவலை இருந்தது. பத்தொன்பது வருஷமாக வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்கப்போகிறார். அக்காவே வாங்கிக்கொள்வதானால் ஆறு மாதம் பொறுப்பதாகச் சொன்னார். முதல் மாடி, இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூட மைதானம். பங்கு தொண்ணூற்றைந்துக்குப் போனால் வீட்டு விலை வந்துவிடும், பத்திரச் செலவுக்குத்தான் கையைக் கடிக்கும். நூறுக்குப் போனால் இரண்டும் சரியாக வந்துவிடும்.

அறிவிப்பு வந்த வாரமே அக்கா விற்கத் தயாராக இருந்தார். எங்கள் மேசைப் போன்களில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதால் எறும்பு மாடிப்படிக்குப் போய்க் கைபேசியில் பேசினார். நான் அங்கே சிகரெட்டோடு நின்றிருந்தேன்.

"அஞ்சு மாசம்தானே அக்கா. கடன் வாங்கிப் பத்திரம் போடப் போறியா? சும்மா வர்ற காசை ஏன் விடுறே? நான் முழுசா படிச்சுட்டேன். பொறு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைவிடப் பெரியவர், படித்தவர், அவருடைய அக்கா. எனக்கென்ன வந்தது?

மூன்றாவது மாதம் ஆணையம் இன்னும் நூறு கேள்வி கேட்டு ஒரு கடிதம் அனுப்பியது. பங்கு எண்பத்தெட்டுக்கு இறங்கியது. முதலாளி நாலாவது மாடிக்கு ஏறி வந்தார். அவர் ஏறி வந்தால் ஏதோ ஆசை வந்துவிட்டது என்று பொருள்.

"பன்னெண்டு கிடைக்குதே. இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாமா?"

"வேண்டாம் சார்" என்றார் எறும்பு.

"நடக்கும்னுதானே நீங்களும் சொல்றீங்க?"

"நடக்கும். ஆனா நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். அளவு அளவுதான்."

முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். பேசாமல் அவர் சொல்வதற்குத் தலையாட்டியிருந்தால் யாருக்கும் எறும்பின் மேல் வருத்தம் இருந்திருக்காது. அவர் ஆட்டவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை கூடிய நாள் அது.

அதே நாள் சாயங்காலம் மாடிப்படியில் மறுபடியும் போன். அக்கா பயந்துபோயிருக்க வேண்டும், குரல் எனக்கே கேட்டது. எண்பத்தெட்டுக்காவது தள்ளிவிடட்டுமா, வீட்டுக்காரரிடம் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்கிறார்.

"கேள்வி கேக்குறது வழக்கம்தான் அக்கா. பயந்தவங்க எல்லாம் விக்கிறாங்க. இப்போ வித்தா நஷ்டம் உனக்குத்தான். நான் சொல்றேன்ல?"

எனக்கு அப்போது சுருக்கென்றது. முதலாளியிடம் தப்பாக இருக்கலாம் என்று சொன்ன அதே வாய், நாலு மணி நேரத்தில் அந்தச் சந்தேகத்தை எங்கே தொலைத்தது? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்தவர் குடும்ப விஷயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சல்தான் வருகிறது.

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஆணையத்தின் முடிவு வந்தது. ஒரு ஆலை போதாது, இரண்டை விற்க வேண்டும். பதினொன்றரை மணிக்கு வாங்குகிறவர் அறிக்கை விட்டார். இரண்டுக்குச் சம்மதித்து எழுதவில்லை, விலகிக்கொள்கிறோம். ஒப்பந்தப்படி அவருக்கு அந்த உரிமை இருந்தது. எறும்பு பென்சிலால் கோடு போட்டிருந்த பக்கத்தில்தான் அதுவும் இருந்தது.

பங்கு அறுபத்தெட்டில் நிற்கும் என்று நாங்கள் போட்ட கணக்கும் பிசகியது. ஐந்து மாதம் கம்பெனி அரைத் தூக்கத்தில் இருந்திருக்கிறது. விற்பனை ஆட்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள், பெரிய மருந்துக் கம்பெனி ஒன்று மூடியை வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டது. அன்றே அறுபத்தொன்றுக்குப் போனது. கையில் இருந்ததை அந்த விலைக்கு விற்றுத் தீர்த்தேன். எறும்பு என் பின்னால் நின்று, "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் முதலாளி எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பாராட்டினார். நஷ்டம் நூற்றுக்கு ஒன்றேகால். அந்த மாதம் முடிந்த மற்ற ஆறு வியாபாரங்களில் அதில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. "நான் சொன்னதைக் கேட்டு இன்னும் வாங்கியிருந்தீங்கன்னா இன்னிக்கு நாம தெருவுல நின்னிருப்போம்" என்று சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எறும்பும் சிரித்தார். நல்ல நடிகை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவரை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டது நான்தான். வண்டி ஓட்ட முடியவில்லை என்றார். மேலே வரவேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. தனியாக ஏறப் பயந்திருக்கலாம்.

அக்கா கதவைத் திறந்தார். தங்கையைவிட உயரம், கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் தோல் மரத்துப் போயிருந்தது. செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். திட்டுவார், அழுவார் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சந்தேகங்களைக் கேட்டார்.

"விலகிப் போனா அவங்க ஏதோ தண்டம் கட்டணுமாமே. அதுல நமக்கு வராதா?"

"அது கம்பெனிக்குப் போகும் அக்கா. பங்கு வெச்சிருக்கவங்க கைக்கு வராது."

"திரும்ப ஏறுமா?"

"ஏறலாம். வருஷக்கணக்குல ஆகலாம். தெரியாது."

"வீட்டுக்காரர் காலையிலேயே போன் பண்ணிட்டார். வேற ஆள் ரெடியா இருக்காங்களாம்."

எறும்பு தலையைத் தூக்கவில்லை. "என்கிட்ட இருக்கிறதையெல்லாம் தர்றேன் அக்கா" என்றார்.

"உன்கிட்ட என்னடி இருக்கு, நீயும் வாடகை வீட்டுலதானே இருக்கே" என்றார் அக்கா. பிறகு, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல, "உங்க ஆபீஸுக்கும் இதுல நஷ்டம்தானே? எவ்வளவு போச்சு?" என்றார்.

"நூத்துக்கு ஒண்ணேகால்."

"எனக்கு?"

தொண்ணூற்றைந்திலிருந்து அறுபத்தொன்று. நான்தான் சொன்னேன், "மூணுல ஒரு பங்குக்கு மேலங்க."

அக்கா விரலால் மேசைமேல் ஏதோ கணக்குப் போட்டார். ஒரு மூடியைத் திருகுவதுபோல அந்த விரல்கள் ஒருமுறை அசைந்தன. தங்கையைப் பார்த்தார். கோபம் இல்லை, ஏதோ இப்போதுதான் புரிந்துகொண்ட முகம்.

"அப்போ உடையும்னு உனக்கும் பயம் இருந்திருக்கு. அதனாலதான் அங்க கொஞ்சமா வெச்சிருந்தே" என்றார். "அதை ஏண்டி எனக்குச் சொல்லல?"