மதிப்பெண் தாளில் 'பொருத்தம்'

எங்கள் பட்டறை அரியமங்கலத்தில் இருக்கிறது. கன்வேயர் பெல்ட் ஓடுவதற்கு அடியில் சுழலுமே, அந்த ரோலர்களைச் செய்கிறோம். என் கணவரும், என் மூத்தாரான அவருடைய அண்ணனும், நானும் பங்குதாரர்கள். தயாரிப்பு கணவர் பொறுப்பு, வங்கியும் வெளிவட்டாரமும் மூத்தார் பொறுப்பு, அலுவலகம் என்னுடையது. பல வருடங்களாக ஒரே ஒரு பெரிய கம்பெனி கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தோம். அவர்கள் வேலையைக் குறைத்தபோதுதான், வெளியில் போய் ஆர்டர் பிடிக்க எங்களிடம் ஓர் ஆள்கூட இல்லை என்பது உறைத்தது.

விற்பனைக்கு ஓர் ஆள் எடுப்பது என்று முடிவானது. வேலை விவரத்தை மூத்தார் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வயது இருபத்தெட்டுக்குள். அனுபவம் பத்து வருடம். எம்.பி.ஏ. சொந்த பைக். கையில் வாடிக்கையாளர்கள் இருக்க வேண்டும். வசூல், டெஸ்பாட்ச், ஜி.எஸ்.டி. வேலைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருபத்தெட்டு வயசுல பத்து வருஷ அனுபவம்னா, அவரு பிளஸ் டூ முடிச்ச மறுநாளே பையைத் தூக்கிட்டுக் கிளம்பியிருக்கணும் மாமா" என்றேன்.

"அப்ப நீயே எழும்மா" என்றார்.

எழுதினேன். ஸ்ரீரங்கத்து வீட்டில், சமையலுக்கும் துணி மடிப்பதற்கும் நடுவே, மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எம்.பி.ஏ.வை எடுத்தேன். வயதை எடுத்தேன். வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் வைத்தேன்: முதல் மூன்று மாதத்தில் ரோலரைப் பற்றித் தெரிந்துகொண்டு, கரூர், அரியலூர், புதுக்கோட்டை பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷர்களையும் சிமெண்ட் ஆலைகளையும் அரிசி மில்களையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், ஆறாவது மாதத்துக்குள் புது வாடிக்கையாளர்கள் திரும்பவும் ஆர்டர் தரும் நிலைக்கு வர வேண்டும். சம்பளம், ஊக்கத்தொகை, பெட்ரோல் படி எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினேன். கடைசி வரி, யாருக்குக் கீழ் வேலை என்பது. 'நிர்வாகப் பங்குதாரர்' என்று போட்டேன். அது மூத்தார்.

அடுத்தது நேர்காணலுக்கான மதிப்பெண் தாள். எல்லோரிடமும் ஒரே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. எதற்கு எத்தனை என்பதையும் எழுதி வைத்தேன். புது வாடிக்கையாளரைப் பிடித்த அனுபவம் என்ற வரியில், "நல்லா பேசுவேன் சார்" என்பதோடு நின்றால் ஒன்று. தானே தேடிப்போன ஒருவரைச் சொன்னால் மூன்று. அங்கே முடிவெடுப்பவர் யார், அவர் முதலில் ஏன் மறுத்தார், பிறகு எதற்காக வாங்கினார் என்று விவரமாகச் சொன்னால் ஐந்து. அந்த வரிக்கு இரட்டை மதிப்பு. ஆள் வெளியே போனதும் மூவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாகப் போட வேண்டும். பக்கத்துக் கட்டத்தில், அவர் சொன்ன எதை வைத்துப் போட்டோம் என்று எழுத வேண்டும்.

மூத்தார் தாளைப் பார்த்துவிட்டு, "நம்ம கம்பெனிக்கு ஒத்து வருவானான்னு பார்க்க வேணாமா? 'பொருத்தம்'னு ஒண்ணு போடு" என்றார்.

"ஒத்து வர்றதுன்னா என்ன மாமா? எதுக்கு அஞ்சு, எதுக்கு ஒண்ணு?"

"அது பார்த்தா தெரியும்மா."

எனக்குப் பிடிக்கவில்லை. என் கணவர், "ஒரு வரிதானே, விடு" என்றார். வரி ஏறியது.

மூன்று பேரை நேரில் அழைத்தோம். முதலில் வந்தவர் ஊர்ப் பெரிய மனிதர்கள் பெயர்களாகச் சொன்னார். இரண்டாமவர் பரவாயில்லை. மூன்றாவதாக வந்த இளைஞர் ஐந்து வருடம் பேரிங் கடை ஒன்றுக்காக ஊர் ஊராகச் சுற்றியவர். நான் கிரஷர் முதலாளியாக நடித்து, "எங்களுக்கு ரோலர் குடுக்க ஏற்கெனவே ஆள் இருக்கு" என்றேன். மற்ற இருவரும் இதே இடத்தில் உடனே விலையைக் குறைத்தவர்கள். இவர் மேஜை மேல் இருந்த ரோலரைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார்.

"இருக்கட்டும் மேடம். உங்க பெல்ட்ல எந்த இடத்து ரோலர் அடிக்கடி போகுது? கல்லு விழுற இடத்துலயா? பேரிங்குல தூசி ஏறி நிக்குதா, இல்ல ரோலரோட மேல் ஓடு தேஞ்சு போகுதா?"

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மனசுக்குள் ஐந்து போட்டுவிட்டேன்.

அவர் வெளியே போனதும் நானும் கணவரும் எழுத ஆரம்பித்தோம். மூத்தார், "டீ குடிச்சிட்டு வந்து போடுறேன்" என்று எழுந்து போனார். இளைஞர் வாசல் பெஞ்சில் பஸ் நேரத்துக்காக உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது; மூத்தார் அவரிடம் பேசுவது கேட்டது.

"லால்குடி பக்கம்னீங்களே, எந்த ஊரு?"

அவர் சொன்னார்.

"அட, நமக்குத் தெரிஞ்ச ஊருதான். அதுல எந்தத் தெரு?"

அவர் ஊர்ப் பெயரையே மறுபடி சொன்னார்.

"பெருமாள் கோயில் தெருவா?"

"இல்ல சார். வாய்க்காலுக்கு அந்தாண்ட."

"ஓ. சரி, சரி."

நம் ஊரில் தெருவைக் கேட்கிறவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். என் கணவருக்கும் தெரியும். அவர் தலை தாளை விட்டு நிமிரவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

மூத்தார் வந்து போட்டார். மூன்று தாள்களையும் சேர்த்துப் பார்த்தேன். மற்ற வரிகளில் அவரும் நாலும் மூன்றுமாகத்தான் போட்டிருந்தார். 'பொருத்தம்' என்பதில் மட்டும் ஒன்று. காரணம் எழுத வேண்டிய கட்டம் காலி. ஊர்ப் பெரிய மனிதர்களைச் சொன்னவருக்கு அதே வரியில் ஐந்து.

"எதை வச்சு ஒண்ணு போட்டீங்க மாமா?"

"தோணுச்சும்மா."

"டீ குடிக்கிறதுக்கு முன்னாடி தோணுச்சா, பின்னாடியா?"

அவர் முகம் கறுத்தது. "நாலு இடத்துக்கு நம்ம பேரைச் சொல்லிப் போறவன். யோசிக்க வேணாமா?"

"அவரு எந்தத் தெருன்னு எந்தக் கிரஷர்காரர் கேட்டா ரோலர் வாங்கப்போறாரு? அந்தக் கட்டத்துல எழுதுங்க. எழுத முடியும்னா நான் ஒத்துக்கிறேன். உங்க கையெழுத்துல எழுதுங்க."

லேத் சத்தம் நின்றிருந்தது. வெளியே வேலையாட்கள் கேட்கிறார்கள் என்று புரிந்தது. கேட்கட்டும் என்றிருந்தேன். மூத்தார் பேனாவை எடுக்கவில்லை. நாங்கள் மூவர் போட்ட தாளிலும், வந்த மூவருக்கும் அந்த வரியை நான் குறுக்கே அடித்தேன். காகிதம் ஓரிடத்தில் கிழிந்தது. மறுபடி கூட்டினால் இளைஞர்தான் முதலில் நின்றார். மூத்தார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

மறுநாள் நானே இளைஞருக்குப் போன் செய்து வேலை உறுதி என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? நான் யாருக்குக் கீழ வேலை பார்க்கணும்? வேலை விவரத்துல நிர்வாகப் பங்குதாரர்னு இருக்கு. நேத்து வெளியில வந்து பேசினாரே, அவரா?"

அந்த இடத்திலேயே முடிவு செய்து, "இல்ல. எனக்குக் கீழ" என்றேன்.

"அதை லெட்டர்ல எழுதித் தருவீங்களா?"

அவர் கெஞ்சவில்லை. கோபப்படவும் இல்லை. பல இடங்களில் கேட்டுப் பழகியவர்போல அமைதியாகக் கேட்டார். வரியை மாற்றி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். முதல் வாரம் முழுக்க லேத்துக்கும் அசெம்பிளிக்கும் நடுவே நின்று கேள்வி கேட்டார். பிறகு அரியலூர்ப் பக்கம் போனார். சில இடங்களில் கேட் வரைக்கும்தான் விட்டார்கள். ஒரு கிரஷரில் சோதனைக்கு நாலு ரோலர் வாங்கினார்கள். அது ஆர்டராக மாறியது. மூத்தார் அவரிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. என்னிடம் அதுவும் இல்லை.

அந்த ஆர்டர் வந்த அன்று பைக்கில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது என் கணவர் சொன்னார்: "பார்த்தியா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

"எனக்கு முடியல. ஜன்னல் பக்கம் நீங்கதான் உட்கார்ந்திருந்தீங்க. உங்க காதுலயும் விழுந்துச்சு."

"அண்ணன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"வாயால."