மணிக்கட்டில் ஓர் அழுகை

எனக்கும் என் கணவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. மகள் பிறந்ததும் அடையாறிலிருந்து அம்மா ஒரு பையோடு சாந்தோமில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். ஒத்தாசைக்கு என்றுதான் சொன்னார். மூன்று மாதம் ஆகப்போகும்போது மெல்ல விஷயத்தைக் கக்கினார்: நடக்க ஆரம்பிக்கும் வரை பிள்ளை தன்னோடு அடையாறில் வளரட்டுமாம். அழுதால் உங்களில் யாருக்குக் கேட்கும் என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம், கையிலிருந்த பால் பாட்டிலைக் கழுவாமல் அப்படியே தொட்டியில் போட்டேன். பெற்றவள் நான் இருக்கும்போது அடையாறு என்ன அடையாறு!

ஆனால் அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். பரீட்சை வைக்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். பிள்ளை அழுதால் எனக்குத் தெரியும் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குள் நிரூபித்துக் காட்டுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொன்னபடி நடக்கட்டும் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

நான் நம்பியிருந்தது செல்போனில் உள்ள ஒரு வசதியை. சுற்றிலும் கேட்கும் சத்தம் என்னவென்று அதுவே கண்டுபிடிக்கும். குழந்தை அழுதாலோ, கதவு மணி அடித்தாலோ, புகை அலாரம் அலறினாலோ போன் அதிர்ந்து, திரையில் எழுத்தாகக் காட்டும். கைக்கடிகாரத்தை இணைத்துவிட்டால் மணிக்கட்டிலும் அதே சேதி வரும். கேட்பது போன்தான் என்பதால் அதைத் தொட்டில் பக்கத்திலேயே வைத்தோம். இரவில் எப்படியும் பிள்ளையின் வயிற்றில் என் கை இருக்கும். பிரச்சினை பகலில்தான்.

முதல் நாள் நாங்கள் போட்ட ஆட்டத்தைச் சொல்லி மாளாது. என் கணவர் தொண்டையைக் கனைத்தார், நாய் குரைக்கிறது என்று வந்தது. மனிதர் அன்றைக்கு முழுக்க என்னைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே திரிந்தார். எங்கள் கதவு மணி குருவி மாதிரிக் கத்துமாம், அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். போன் அதை ஒரு மணியாகவே மதிக்கவில்லை. அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து பழக்க வேண்டியிருந்தது. பரீட்சை வைத்தவரே வாசலில் நின்று திரும்பத் திரும்ப அழுத்தினார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

எல்லாம் சரி, முக்கியமான சேதி மட்டும் வரவே இல்லை. புதன் போனது, வியாழன் போனது, குழந்தை அழுகிறது என்று ஒரு தடவைகூடக் கடிகாரம் அதிரவில்லை. போனைத் தொட்டிலின் இந்தப் பக்கம் வைத்தோம், அந்தப் பக்கம் வைத்தோம், அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தோம். அம்மா பிள்ளையின் சட்டைகளை மடித்துத் தன் பையில் வைக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தற்செயலாகப் பார்த்தேன். பிள்ளை லேசாக முகத்தைச் சுளித்தது, அவ்வளவுதான். சமையலறையிலிருந்த அம்மா கரண்டியோடு பறந்து வந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அட கடவுளே! முனகல் அழுகையாக மாற இவர் விட்டால்தானே போன் சொல்லும்? கண்காணிக்க வந்த டீச்சரே விடைத்தாளையும் எழுதிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் இத்தனை நாள் போனைத் திட்டியிருக்கிறோம்.

பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கத் தன்னால் ஆகாது என்று அம்மா கையை விரித்துவிட்டார். எனவே சனிக்கிழமை காலை மீன் பையைக் கையில் திணித்து, நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கி வாருங்கள் என்று அனுப்பினேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

மணிக்கட்டு அதிர்ந்தது. குழந்தை அழுகிறது.

பூண்டைச் சிதறவிட்டு ஓடினேன். முகமெல்லாம் சிவந்து, வாயை ஆவென்று திறந்து, கண்ணீர் வழிய அழுதுகொண்டிருந்தாள் என் ராசாத்தி. ஒரு பிள்ளை அழுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட தாய் நானாகத்தான் இருப்பேன். தூக்கி அணைத்து முதுகைத் தட்டிக்கொண்டே அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் அடங்கிய சற்று நேரத்தில் மறுபடி அதிர்ந்தது. கதவு மணி.

திறந்தால் அம்மா. பையில் ஒரு நெத்திலிகூட இல்லை. குப்பமாவது மீனாவது, இவ்வளவு நேரமும் மாடிப்படியிலேயே நின்றிருக்கிறார். அழுகை தொடங்கியதையும் கேட்டிருக்கிறார், ஓய்ந்ததையும் கேட்டிருக்கிறார். கையில் கசங்கியிருந்த முந்தானையால் பிள்ளையின் ஈரக் கன்னத்தைத் துடைத்தார். பிறகு நான் உதட்டைப் படிக்கும்படி நிதானமாகச் சொன்னார்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நான் கிளம்பறேன். பிள்ளை இங்கயே இருக்கட்டும்."

நான் சிரித்தேன். சாதாரணச் சிரிப்பில்லை, தொட்டிலருகே வந்து விழுந்து விழுந்து சிரித்தேன். உடனே மணிக்கட்டு அதிர்ந்தது. குழந்தை அழுகிறது. திடுக்கிட்டுப் பார்த்தால், என் இடுப்பிலிருந்தவள் விரலைச் சப்பிக்கொண்டு என்னையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடிகாரத்தை அம்மாவிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"அது நீ சிரிச்ச சத்தம்டி," என்றார். "நீ சின்னவளா இருக்கறப்ப நானும் இப்படித்தான். நீ அழறேன்னு நெனச்சு எத்தனை வாட்டி அடுப்பை விட்டுட்டு ஓடி வந்திருக்கேன்."